வங்கி தரும் 80 சதவீதம், எதில் 80?

ஃபிளாட்டின் விலை 60 லட்சம், வங்கி 80 சதவீதம் கொடுக்கும், ஆகவே கையில் 12 லட்சம் இருந்தால் போதும். சென்னையில் பழைய ஃபிளாட் வாங்கக் கிளம்பும் குடும்பங்கள் பல இந்தக் கணக்கை நம்பித்தான் அட்வான்ஸ் கொடுக்கின்றன.

வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்பதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் 30 லட்சம் வரை என்றால் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75. மீதியை நாம் போட வேண்டும். அதுதான் மார்ஜின் பணம். இது உச்சவரம்பு மட்டுமே. சம்பளத்துக்கு அந்த இ.எம்.ஐ. தாங்காது என்று பட்டால் வங்கி இன்னும் குறைத்துத்தான் கொடுக்கும்.

சிக்கல் ‘மதிப்பு’ எது என்பதில் இருக்கிறது. வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் கட்டடத்தின் வயதையும் பிரிக்கப்படாத மனைப் பங்கையும் பார்த்து 54 லட்சம் என்று எழுதினால், விற்பவர் சொன்ன விலை, மதிப்பீடு இரண்டில் குறைந்ததைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். 54 லட்சத்தில் 80 சதவீதம் 43 லட்சத்து 20 ஆயிரம். விற்பவருக்கோ 60 லட்சம் போய்ச் சேர வேண்டும். துண்டு விழுவது 16 லட்சத்து 80 ஆயிரம்.

அடுத்தது பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இங்கே கணக்கு தலைகீழ்: வழிகாட்டி மதிப்பு, பத்திர விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல்தான் வசூல். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ஆகிறது. 10 லட்சத்துக்குள் அடங்கும் வீடாக இருந்தாலொழிய, இந்தச் செலவை வீட்டின் மதிப்போடு சேர்த்துக் கடன் தர விதி இடம் கொடுப்பதில்லை.

ஆக, தேவை 22 லட்சத்து 20 ஆயிரம். தரகு, வக்கீல் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம் தனி. நினைத்திருந்த 12 லட்சம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. அந்தப் பள்ளத்தைத் தனிநபர் கடனால் நிரப்பப் பார்ப்பது ஆபத்து. அதன் தவணையையும் கழித்துவிட்டுத்தான் வங்கி வீட்டுக்கடன் தகுதியைப் பார்க்கும், அந்தக் கடனே சுருங்கும்.

பத்திரத்தில் 45 லட்சம் மட்டும் காட்டலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்று விற்பவர் கேட்பதுண்டு. சட்டத்துக்குப் புறம்பான இந்த ஏற்பாட்டில் வங்கிக் கடனும் 36 லட்சமாக இறங்கிவிடும். அப்போது வீட்டு விலைக்கு மட்டுமே 24 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும்.

எனவே பெரிய அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஆவண நகல்களை வாங்கி, வங்கியின் சட்டக் கருத்தையும் மதிப்பீட்டையும் முடித்துக்கொள்வது நல்லது. மார்ஜினை முதலில் செலுத்திய ஆதாரத்தை வங்கி கேட்கும் என்பதால் அட்வான்ஸை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரியும் அவசியம்: குறிப்பிட்ட தொகைக்குக் கடன் அனுமதியாகாவிட்டால், இத்தனை நாளுக்குள் அட்வான்ஸ் முழுவதும் திரும்பத் தரப்படும். இந்த வரியை எழுத மறுப்பவரிடம் டோக்கன் தொகையைக்கூடக் கொடுக்க வேண்டாம்.