பத்து லட்டு, இரண்டு கோடுகள்

ஒரே மாதிரியான பத்து லட்டுகளை கயல், முகில், நிலா மூவருக்கும் எத்தனை விதமாகப் பங்கிடலாம்? ஒருவருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினால் எது விட்டுப்போனது, எது இருமுறை வந்தது என்பதே தெரியாது.

ஒரு படம் போடலாம். லட்டுக்கு ஒரு நட்சத்திரம். பங்குகளைப் பிரிக்க இரண்டு கோடுகள் போதும்.

★★★★★|★★★|★★

முதல் கோட்டுக்கு முன்னால் இருப்பவை கயலுக்கு, நடுவில் இருப்பவை முகிலுக்கு, மீதி நிலாவுக்கு. ஆக 5, 3, 2. ஒவ்வொரு பங்கீட்டுக்கும் ஒரு படம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பங்கீடு. எனவே படங்களை எண்ணினால் போதும்.

பலர் சறுக்குவது இங்கேதான். வரிசையின் இரு முனைகளையும் சேர்த்துக் கோடு போட 11 இடங்கள் உண்டு; அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 11×10÷2 = 55 வழிகள் என்று நிறுத்திவிடுவார்கள். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் ஒட்டி நிற்கலாமே! அப்போது முகிலுக்கு ஒன்றுமில்லை. அப்படி 11 படங்கள். மொத்தம் 66.

இதையே நேராகவும் காணலாம். நட்சத்திரமும் கோடுமாக 12 குறிகள்; கோடுகளுக்கு இரண்டு இடம் தேர்ந்தால் 12×11÷2 = 66. இரண்டு கோடுகளும் ஒன்றுபோலிருப்பதால்தான் இரண்டால் வகுக்கிறோம்.

ஒவ்வொரு குழந்தைக்கும் ஒன்றாவது கிடைக்க வேண்டுமென்றால், லட்டுகளுக்கு இடையிலுள்ள 9 இடைவெளிகளில் வெவ்வேறு இரண்டு வேண்டும்: 36 வழிகள். லட்டுகள் பத்தும் வெவ்வேறு வகையாக இருந்தால் இந்தப் படம் உதவாது. ஒவ்வொன்றுக்கும் மூன்று கைகள் என்பதால் விடை 59,049.