நியாசினும் முகச் சிவப்பும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒருவர், விற்றமின்தானே என்று நியாசினை மிகுதியாக உட்கொண்டு, அரைமணி நேரத்தில் முகமும் கழுத்தும் சிவந்து எரிந்தால், ஒவ்வாமை என்றே அஞ்சுவார். அஃது ஒவ்வாமை அன்று. நியாசின் தூண்டியதும் தோலின் சில உயிரணுக்கள் புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. அது நுண்குருதிக் குழாய்களை விரிக்க, இரத்தம் தோலுக்குப் பாய்கிறது. அப்பொருள் உண்டாவதைத் தடுக்கும் அஸ்பிரினை வைத்தியர் முன்கூட்டியே கொடுத்தால் எரிவு தணிவது இதற்குச் சான்று.

கொழுப்புக் குறைவதோ வேறு வழி. உணவில் நமக்குக் கிட்டும் சில மில்லிகிராம் இதற்குப் போதாது. கிராம் கணக்கில் உட்கொண்டாலே, ஈரல் கொழுப்பைக் கட்டி இரத்தத்தில் விடுவது குறைகிறது. 1955இல் கனடாவில் அல்ட்சூல் முதலியோர் இதனால் கொலஸ்திரோல் தாழ்வதைக் கண்டனர். ஆயினும் இரத்தக் கணக்குத் திருந்தினால் இருதயமும் திருந்திவிடும் என்று நாம் எண்ணலாகாது. எரிவைத் தடுக்கும் மருந்தையும் நியாசினுடன் சேர்த்து, ஸ்டாட்டின் உண்போருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2014இல் வெளிவந்தது. மாரடைப்புக் குறையவில்லை, நீரிழிவோ மிகுந்தது.