மாமா கொடுத்த பணத்துக்கு என்ன சாட்சி?

சொந்த வீடு வாங்குகிறவர்களில் பலர் சம்பளத்தையும் வங்கிக் கடனையும் மட்டும் நம்பி வாங்குவதில்லை. அப்பா ஓய்வு பெற்றபோது வந்த பணம், தாய்மாமா கொடுத்த தொகை, பெரியப்பா வீட்டிலிருந்து வந்த உதவி எல்லாம் சேர்ந்தால்தான் பத்திரப்பதிவு நடக்கும். கொடுத்தவரும் வாங்கியவரும் இதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக்கொள்வதில்லை. இரண்டு ஆண்டு கழித்து வருமான வரித்துறையின் நோட்டீஸ் வரும்போதுதான், அந்தச் சீட்டு எங்கே என்று தேடுகிறோம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் பிறர் இனாமாகக் கொடுத்த பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், அது அவருடைய வருமானமாகவே கருதப்படும். தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும் வரி உண்டு. ஆனால் கொடுத்தவர் ‘உறவினர்’ என்றால் எவ்வளவு பெரிய தொகையானாலும் வாங்குகிறவருக்கு வரி இல்லை.

அந்த உறவினர் பட்டியல் நம் வீட்டுக் கணக்குப்படி போடப்பட்டதல்ல. கணவன், மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவின் உடன்பிறந்தவர்கள், நேர்வழியில் மேலே உள்ள தாத்தா பாட்டி, கீழே உள்ள பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், மாமனார் மாமியார், இவர்களுடைய கணவன் மனைவிமார் ஆகியோர் அதில் வருகிறார்கள். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, தாய்மாமா, சித்தி எல்லோரும் உண்டு. பெரியப்பா மகனும் மாமன் மகளும் இல்லை. மனைவியின் சித்தப்பாவும் இல்லை.

இன்னொரு விசித்திரமும் உண்டு. வாங்குகிறவரை நடுவில் வைத்துத்தான் உறவைப் பார்க்க வேண்டும். தாய்மாமா தன் அக்கா மகனுக்கு 5 லட்சம் கொடுத்தால் வரி இல்லை. வாங்குகிறவருக்கு அவர் அம்மாவின் உடன்பிறந்தவர். அதே அக்கா மகன் நன்றாகச் சம்பாதித்து மாமாவுக்கு 5 லட்சம் கொடுத்தால், மாமா வரி கட்ட வேண்டும். அக்கா மகன் என்ற உறவு மாமாவின் பட்டியலில் இல்லை.

சரி, வரி இல்லாத பணத்துக்கு எதற்காகக் கேள்வி வருகிறது? நெஃப்ட் வழியாகக் கணக்கில் 12 லட்சம் வரவானது என்பதற்காக மட்டும் வங்கி அதைத் தனியாக வரித்துறைக்கு எழுதுவதில்லை. ஆண்டறிக்கையாகப் போகும் தகவல்கள் வேறு. ஒரு நிதியாண்டில் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகச் செலுத்தினால் வங்கி தெரிவிக்கும். அதே அளவுக்கு வைப்புநிதி போட்டாலும் தெரிவிக்கும். 30 லட்சமோ அதற்கு மேலோ மதிப்புள்ள சொத்தை வாங்கினாலோ விற்றாலோ சார்பதிவாளர் அலுவலகம் தெரிவிக்கும். நீங்கள் ரிட்டர்னில் காட்டிய வருமானத்துக்கு இந்தச் செலவு பொருந்தவில்லை என்றால் கணினி உங்கள் பெயரைத் தனியே எடுத்துவைக்கும். அதன்பின் ஓராண்டு வங்கிக் கணக்கு விவரத்தைக் கேட்பார்கள். அதில் உள்ள ஒவ்வொரு பெரிய வரவும் அப்போதுதான் அலுவலர் கண்ணில் படும்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொள்வோம். திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர். ஆண்டு வருமானம் 7.2 லட்சம். 2023-24ஆம் நிதியாண்டில் 50 லட்சத்துக்கு வீடு வாங்குகிறார். வங்கிக் கடன் 25 லட்சம், சொந்தச் சேமிப்பு 4 லட்சம். மீதி 21 லட்சத்தில் அப்பா கொடுத்தது 12 லட்சம், தாய்மாமா 6 லட்சம், பெரியப்பா மகன் 3 லட்சம். மூன்றும் வங்கி வழியாகவே வந்தன. எல்லாம் வெள்ளைப் பணம், கவலை இல்லை என்று அவர் நினைத்திருந்தார். வீட்டுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு நோட்டீஸ் வந்தது.

இத்தகைய வரவுகளில் அலுவலர் பார்ப்பது மூன்று விஷயங்கள். கொடுத்தவர் யார்? அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி உண்டா? கொடுத்தது உண்மையான அன்பளிப்புதானா? இவற்றை நிரூபிக்கும் பொறுப்பு பணம் வாங்கியவருடையது.

அப்பாவின் 12 லட்சத்தில் சிக்கல் இல்லை. அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடை ஆணை இருக்கிறது. அந்தத் தொகை அவர் கணக்கில் வரவான நாளும், அதே கணக்கிலிருந்து மகனுக்குப் போன நாளும் பாஸ்புக்கில் இருக்கின்றன. உறவைக் காட்ட மகனின் பிறப்புச் சான்றிதழ் போதும்.

மாமாவின் 6 லட்சம் அப்படியல்ல. அவர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. வருமான வரி ரிட்டர்ன் போட்டதில்லை. காசோலை கொடுத்திருக்கிறார். அவருடைய பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், காசோலைக்கு இரண்டு நாள் முன்பு 6 லட்சம் ரொக்கமாகச் செலுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு முன்பு கணக்கில் சில ஆயிரங்கள்தான். அலுவலருக்கு இது பழகிய காட்சி. வாங்குகிறவர் தன் கணக்கில் வராத பணத்தையே மாமாவிடம் கொடுத்து, காசோலையாகத் திருப்பி வாங்கியிருக்கிறார் என்ற சந்தேகம் உடனே எழும்.

மாமா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தேங்காய் வியாபாரி ரொக்கமாகத்தான் கொடுப்பார். அப்படியானால் அதைக் காட்ட வேண்டும். நிலத்தின் சிட்டா, எந்தப் பயிர் என்று சொல்லும் அடங்கல், வியாபாரி எழுதிக் கொடுத்த சீட்டுகள், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்றிருந்தால் அதன் ரசீது எல்லாம் உதவும். அந்த நிலத்தில் அந்த அளவு வருமானம் வரக்கூடியதுதானா என்றும் பார்ப்பார்கள். ஒரு ஏக்கர் தோப்பைக் காட்டி 6 லட்சம் மிச்சம் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மாமாவுக்கே நேரடியாகக் கடிதம் அனுப்பி விசாரிக்கவும் துறைக்கு அதிகாரம் உண்டு. அவர் ‘கடனாகக் கொடுத்தேன்’ என்று சொல்லி, இவர் ‘அன்பளிப்பு’ என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

வங்கி வழியாக வந்தது என்பது மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து அன்பளிப்பாக வந்ததாகச் சொல்லப்பட்ட தொகைகள் தொடர்பான ஒரு வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து அங்கே போனது. பணம் வங்கி வழியாக வந்திருந்தும், அந்த அன்பளிப்புகள் உண்மையானவை என்ற விளக்கத்தை 2007ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

விளக்கம் ஏற்கப்படாவிட்டால் என்ன ஆகும்? நம் உதாரணத்தின் ஆண்டுக்கான சட்டப்படி, விளக்கப்படாத பணத்துக்கு 60 சதவீத வரி, அதன்மேல் கூடுதல் வரியும் செஸ்ஸும். மொத்தம் 78 சதவீதம். 6 லட்சத்துக்கு 4,68,000 ரூபாய். அபராதம் தனி. மாமா அன்பாகக் கொடுத்ததில் பெரும்பகுதி அரசுக்குப் போய்விடும்.

பெரியப்பா மகனின் 3 லட்சத்தில் பிரச்சினை வேறு. அவருக்கு நல்ல சம்பளம், கணக்கு சுத்தம். பணத்தின் மூலத்தில் குறையில்லை. ஆனால் பட்டியலில் அவர் உறவினரில்லை. அன்பளிப்பு என்றால் முழு 3 லட்சமும் வாங்கியவரின் வருமானத்தில் சேர்ந்து, அவருக்குரிய சாதாரண விகிதத்தில் வரி விழும். ரிட்டர்னில் முதலிலேயே காட்டிக் கட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். உண்மையில் அது கைமாற்றுக் கடன் என்றால் வரி இல்லை. ஆனால் கடன் என்று அன்றே எழுதியிருக்க வேண்டும், வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்துவருவதும் தெரிய வேண்டும். நோட்டீஸ் வந்தபிறகு அன்பளிப்பைக் கடனாக மாற்றி எழுதுவது பலிக்காது. மகன் பணத்தைப் பெரியப்பா கணக்குக்கு மாற்றி அங்கிருந்து வாங்கினால் போயிற்று என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. பெரியப்பாவின் பாஸ்புக்கைக் கேட்டால் அந்தச் சுற்று இரண்டே வரியில் தெரிந்துவிடும்.

கல்யாண மொய் பற்றி ஒரு வார்த்தை. மணமக்களுக்குத் தங்கள் திருமணத்தை ஒட்டி வரும் அன்பளிப்புக்கு, கொடுப்பவர் யாராக இருந்தாலும் வரி இல்லை. இந்த விலக்கு மணமக்களுக்கு மட்டும்தான். அவர்களின் பெற்றோருக்கு இல்லை. காதுகுத்து, புதுமனை புகுவிழாவுக்கும் இல்லை. அழைப்பிதழையும் பெயர் பெயராக எழுதிய மொய் நோட்டையும் பத்திரப்படுத்துங்கள். ரொக்கத்தை மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருக்காமல் சில நாட்களுக்குள் வங்கியில் கட்டிவிடுங்கள். ஒரே ஆளிடமிருந்து ஒரே நிகழ்ச்சிக்காக 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மீறினால் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் விதிக்க முடியும். தந்தை மகனுக்குக் கொடுத்தாலும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை.

இனி, கையில் இருக்க வேண்டிய காகிதங்கள். முதலாவது, அன்பளிப்புக் கடிதம். பணத்தை அன்பளிப்பாகக் கொடுக்கப் பத்திரப்பதிவு தேவையில்லை. கொடுப்பவர், வாங்குபவர் பெயர், முகவரி, பான் எண், உறவு, தொகை, தேதி, காசோலை அல்லது பரிமாற்ற எண், திருப்பித் தர வேண்டியதில்லை என்ற வாசகம், இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் இருந்தால் போதும். அதைப் பணம் வந்த அன்றே எழுத வேண்டும். பின்னால் எழுதி முன்தேதி போட்டால், முத்திரைத்தாள் விற்ற தேதியே காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, கொடுத்தவரின் பாஸ்புக் நகல். கொடுத்த நாளுக்கு முந்தைய ஆறு மாதமாவது அதில் இருக்கட்டும். மூன்றாவது, அந்தப் பணம் அவருக்கு எப்படி வந்தது என்பதற்கான சான்று: ரிட்டர்ன், பணிக்கொடை ஆணை, நிலம் விற்ற கிரயப் பத்திரம், விவசாய வரவுச் சீட்டு இவற்றில் எது பொருந்துமோ அது. நான்காவது, உறவைக் காட்டும் ஆவணம். தாய்மாமா என்றால் அம்மாவின் சான்றிதழிலும் மாமாவின் சான்றிதழிலும் தந்தை பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பின்னால் அலைச்சல்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பிரிவு எண்கள் மாறும். முந்தைய ஆண்டுகளின் கணக்கைப் பழைய சட்டப்படியே பார்ப்பார்கள். எண்கள் எப்படி மாறினாலும் ‘யார் கொடுத்தார், எங்கிருந்து கொடுத்தார்’ என்ற கேள்வி மாறப்போவதில்லை. மாமாவிடம் பாஸ்புக் கேட்பது மரியாதைக்குறைவு என்று கூச்சப்படாதீர்கள். பணத்தை வாங்குகிற அன்றே கேட்டுவிடுங்கள்.