வீடு எப்போது அமையும் என்று தெரியாதபோது பணத்தை எங்கே வைப்பது?

மகளின் கல்லூரிச் செலவு எந்த ஆண்டில் வரும் என்று இன்றே சொல்லிவிடலாம். ஓய்வு பெறும் ஆண்டும் முன்பே தெரியும். இப்படி ஆண்டு தெரிந்த தேவைகளுக்கு, காலம் நிறைய இருக்கும்வரை பங்குகளில் வைத்து, நெருங்க நெருங்கப் பாதுகாப்பான இடத்துக்குப் பணத்தை மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பிடித்த பகுதியில், பத்திரம் சுத்தமாக, கட்டுப்படியாகும் விலையில் ஒரு பழைய வீட்டைத் தேடும் குடும்பத்துக்கு அது அடுத்த மாதமே அமையலாம். நான்கு ஆண்டுகளும் ஆகலாம்.

பலர் இதை நடுவாக எடுத்துக்கொண்டு, “எப்படியும் இரண்டு மூன்று வருஷம் ஆகும்” என்று முடிவு செய்து, அந்தக் காலத்துக்கேற்ற முதலீட்டைத் தேடுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. நாள் தெரியாமல் இருப்பது வேறு, நாளைத் தள்ளிப்போட முடிவது வேறு. கார் வாங்குவதை ஆறு மாதம் தள்ளிப்போட்டால், அதே கார் அப்போதும் கடையில் இருக்கும். நல்ல வீட்டின் உரிமையாளர் அப்படிக் காத்திருக்கமாட்டார். ஆகவே வீட்டுக்கான பணத்தை, வர வாய்ப்புள்ள மிக முந்திய நாளுக்குத் தயாராக வைக்க வேண்டும்.

வீடு பிடித்துவிட்டால் அதன்பிறகு எல்லாம் வேகமாக நடக்கும். ஓரிரு நாளில் டோக்கன் பணம் கேட்பார்கள். வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் வக்கீல் பார்த்த பிறகு கிரய ஒப்பந்தம் போடும்போது, பெரும்பாலும் விலையில் பத்து சதவீதம் முன்பணமாகத் தர வேண்டியிருக்கும். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் மீதியைக் கொடுத்துக் கிரயம் முடிக்க வேண்டும். தேடல் எத்தனை ஆண்டு நீண்டாலும், பணம் புரட்டக் கிடைக்கும் காலம் இவ்வளவுதான்.

எவ்வளவு பணம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 60 லட்ச ரூபாய் விலையுள்ள ஒரு பழைய வீடு. கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை இருந்தால், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் வங்கி கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, கடன் 48 லட்சம். கைப்பணம் 12 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்ந்து 5 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். இந்தச் செலவை வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் தரமாட்டார்கள். அதுவும் கையிலிருந்துதான் போகும். தரகு, வக்கீல் கட்டணம், வங்கிக் கட்டணங்கள், குடிபோகும் முன் செய்யும் சில்லறை வேலைகள் என்று இரண்டரை லட்சம் வைத்தால், மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம்.

இதற்கு மேலும் ஒரு பள்ளம் உண்டு. பலருக்கு அது ஒப்பந்தம் போட்ட பிறகுதான் தெரியவருகிறது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர், விற்பவர் சொன்ன விலையை அப்படியே ஏற்பதில்லை. 60 லட்சத்துக்குப் பேசிய வீட்டை அவர் 54 லட்சம் என்று மதிப்பிட்டால், 80 சதவீதக் கடன் 43 லட்சத்து 20 ஆயிரமாகச் சுருங்கும். கைப்பணத்தில் 4 லட்சத்து 80 ஆயிரம் கூடுதலாக வேண்டும். பழைய கட்டடங்களில் இது அடிக்கடி நேர்வது. எனவே 20 லட்சம் தேவை என்று கணக்கு வந்தால், 25 லட்சம் கையில் இருப்பதே நிம்மதி. குறையும் தொகைக்குத் தனிநபர் கடன் வாங்கினால், அதன் தவணையையும் கணக்கில் எடுத்துக்கொண்டு வங்கி வீட்டுக் கடனைக் குறைத்துவிடும்.

இந்தக் குடும்பத்திடம் இப்போது 14 லட்சம் இருக்கிறது, மாதம் 40 ஆயிரம் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று கொள்வோம். அந்த 14 லட்சத்தை பிக்சட் டெபாசிட்டில் 6.5 சதவீத வட்டிக்கு வைத்தால், வரிக்கு முன் ஆண்டுக்கு 91 ஆயிரம் கிடைக்கும். பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, 12 சதவீதம் கிடைக்கும் என்றே நம்பினாலும், 1 லட்சத்து 68 ஆயிரம். பங்குக்குப் போவதால் கிடைக்கக்கூடிய கூடுதல் லாபம் 77 ஆயிரம். எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஜனவரியில் 42 ஆயிரத்தை ஒட்டியிருந்த சென்செக்ஸ், மார்ச் 23 அன்று 26 ஆயிரத்துக்குக் கீழே முடிந்தது. அந்த வேகத்தில் விழுந்தால் 14 லட்சம் ஒன்பது லட்சத்துக்கும் கீழே போகும். இழப்பு ஐந்து லட்சத்துக்கு மேல். அந்த முறை சந்தை அதே ஆண்டு நவம்பருக்குள் மீண்டுவிட்டது. 2008 ஜனவரியில் 21 ஆயிரத்தைத் தொட்டு விழுந்த சென்செக்ஸோ, திரும்ப அந்த உயரத்துக்கு வர 2010 இறுதிவரை ஆனது. சந்தை விழும் காலத்தில்தான் சிலர் அவசரத்துக்காக வீட்டை மலிவாக விற்கவும் முன்வருவார்கள் என்பது இன்னொரு வேதனை. வாங்கத் தோதான வேளையில் வாங்க வேண்டியவர் கை சுருங்கியிருக்கும்.

ஆகவே அடிமட்டத் தொகை என்று ஒன்றை முதலில் வகுத்துக்கொண்டு, அது நிரம்பும்வரை பங்குப் பக்கம் போகாமல் இருப்பதே சரியான வரிசை. இந்தக் குடும்பத்துக்கு 20 லட்சத்தை எட்ட வட்டியோடு சேர்த்து ஏறத்தாழ 13 மாதம், 25 லட்சத்தை எட்ட இன்னும் ஓர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதற்குப் பிறகும் வீடு அமையாவிட்டால், அடுத்தடுத்து மிச்சமாகும் மாதத் தொகையை இன்டெக்ஸ் ஃபண்டில் போடலாம். அது பாதியாகக் குறைந்தாலும் வீடு கைநழுவாது. வளர்ந்தால் கடனைக் குறைக்கலாம். விலைவாசி ஏறுவதால் அடிமட்டத் தொகையையும் ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும். வீட்டு விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்றைய 60 லட்ச வீடு இரண்டு ஆண்டில் 67 லட்சத்தைத் தாண்டும்.

அடிமட்டத் தொகையை வைக்கும் விதத்திலும் கவனம் தேவை. ஒரே டெபாசிட்டாக 20 லட்சம் போட்டுவிட்டால், டோக்கனுக்காக ஒரு லட்சம் எடுக்கவும் முழுவதையும் முறிக்க நேரிடலாம். முன்கூட்டியே முறித்தால், பணம் இருந்த காலத்துக்குரிய வட்டியில்தான் கணக்குப் போடுவார்கள். பல வங்கிகள் அதிலும் அரை முதல் ஒரு சதவீதம் பிடிப்பார்கள். நான்கைந்து சிறு டெபாசிட்டுகளாக, ஓராண்டு தவணையில் வைத்தால் தேவையானதை மட்டும் முறிக்கலாம். வங்கி ஒன்றுக்கு, ஒருவருக்கு, வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதால் இரண்டு மூன்று வங்கிகளில் பிரிப்பதும் நல்லது. வரிச்சலுகைக்கான ஐந்தாண்டு டெபாசிட் இதற்கு ஆகாது. இடையில் எடுக்க முடியாது. சீட்டும் ஆகாது. ஏலத்தில் எவ்வளவு தள்ளி எடுக்க வேண்டிவரும் என்பது அன்றைக்கு எத்தனை பேர் போட்டிக்கு வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வட்டி சற்றுக் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று கடன் பத்திர ஃபண்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் ஆபத்து. 2020 ஏப்ரலில் ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் பத்திரத் திட்டங்களை மூடியபோது, அவற்றில் பணம் போட்டவர்கள் உடனே எடுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு தொடங்கிப் பல தவணைகளாகத்தான் திரும்ப வந்தது. ஃபண்டில்தான் வைக்க வேண்டுமென்றால் லிக்விட் ஃபண்ட் போதும். அது 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டுமே வாங்கலாம். விற்றால் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில் பணம் வந்துவிடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், மதிப்பீடு பத்து சதவீதம் குறைந்தாலும் மீதியைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். குறித்த நாளுக்குள் மீதி வராவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தரவேண்டியதில்லை என்று பல கிரய ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும்.