கேம் கன்சோலுக்கு சப்வூஃபர்: வயரை எங்கே சொருகுவது, குமிழை எதில் நிறுத்துவது?

பிளேஸ்டேஷன் 5-இன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், ஒலிக்கென்று தனியாக ஒரு துளைகூட இருக்காது. ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி, லேன், மின்சாரம் இவ்வளவுதான். முதலில் வந்த பிளேஸ்டேஷன் 4-இலும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் ஆப்டிகல் வழி இருந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் வந்தபோது அங்கேயும் அதை எடுத்துவிட்டார்கள். அதனால் ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே பொருத்திய ஒரு சப்வூஃபரை வாங்கி வந்தவர், சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரைக் கையில் வைத்துக்கொண்டு எதில் சொருகுவதென்று விழிக்க வேண்டியிருக்கிறது.

ஏவி ரிசீவர் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கன்சோலின் ஹெச்டிஎம்ஐ ரிசீவருக்குப் போகும். அதன் சப்வூஃபர் வெளியீட்டிலிருந்து ஒரே வயர் சப்வூஃபரின் எல்எஃப்இ உள்ளீட்டுக்கு வரும். கிராஸ்ஓவரை ரிசீவரின் மெனுவில் வைத்துவிட்டு, சப்வூஃபர் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட வேண்டும். இரண்டு இடத்தில் வடிகட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும், அவ்வளவுதான் எச்சரிக்கை. நம் வீடுகளில் ரிசீவர் குறைவு. டிவி, பக்கத்தில் நான்கு அங்குல ஸ்பீக்கர் இரண்டு, புதிதாக ஒரு பத்து அங்குல சப்வூஃபர், அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி என்று வைத்துக்கொண்டு பேசுவோம்.

கன்சோலில் வழி இல்லையென்றால் டிவியிலிருந்துதான் ஒலியை எடுக்க வேண்டும். டிவியில் பெரும்பாலும் இரண்டு வாய்ப்புகள் இருக்கும்: ஆப்டிகல், அல்லது ஹெட்ஃபோன் துளை. ஆப்டிகல்தான் உசத்தி என்று பலரும் நேரே அதற்குப் போவார்கள். ஆனால் பெரும்பாலான டிவிகளில் ஆப்டிகலில் வரும் ஒலியின் அளவு மாறவே மாறாது. ரிமோட்டில் வால்யூமைக் குறைத்தாலும் அது முழு அளவில் போய்க்கொண்டே இருக்கும். டிவியின் சொந்த ஸ்பீக்கரோடு சப்வூஃபரை மட்டும் ஆப்டிகல் வழியே சேர்த்தவர் வீட்டில் என்ன நடக்கும்? இரவில் பேச்சு முணுமுணுப்பாகக் கேட்கும், இடி மட்டும் பகல்போலவே விழும். ஹெட்ஃபோன் துளையில் வரும் ஒலி ரிமோட்டுக்குக் கட்டுப்பட்டது. ஸ்பீக்கரும் சப்வூஃபரும் அந்த ஒரே இடத்திலிருந்து ஒலியை எடுத்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஒலியைப் பிரிக்கும் இடம் வால்யூமுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்பதே இதன் கணக்கு. உங்கள் ஸ்பீக்கரிலேயே சப்வூஃபருக்கென்று ஒரு வெளியீடு இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம், அதையே பயன்படுத்துங்கள்.

வயர் எளிது. ஹெட்ஃபோன் துளைக்கு 3.5 மி.மீ. பின், மறுமுனையில் இடது வலது என்று இரண்டு ஆர்சிஏ. ஒவ்வொன்றையும் ஒரு ஒய் பிரிப்பான் வைத்து இரண்டாக்கி, ஒரு ஜோடியை ஸ்பீக்கருக்கும் மற்ற ஜோடியை சப்வூஃபரின் இடது வலது உள்ளீடுகளுக்கும் கொடுத்துவிடலாம். ஒன்றை இரண்டாகப் பிரிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் சப்வூஃபரில் ஒரே துளைதான் இருக்கிறதே என்று அதே ஒய் வயரைத் திருப்பிப் போட்டு, இடதையும் வலதையும் ஒன்றாக முறுக்கிவிடக் கூடாது. அப்படிச் செய்தால் இரண்டு வெளியீடுகள் ஒன்றையொன்று எதிர்த்துத் தள்ளும். ஸ்பீக்கரிலும் இடது வலது வித்தியாசம் காணாமல் போகும். ஒற்றைத் துளைதான் என்றால், இரு பக்கமும் ஆளுக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத்தான் சேர்க்க வேண்டும். புளூடூத் வேண்டவே வேண்டாம். துப்பாக்கி வெடித்த பிறகு அதிர்வு தாமதமாக வந்தால் விளையாட்டு விளையாட்டாக இருக்காது.

கன்சோலுக்குள்ளும் ஒரு வேலை உண்டு. 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று, தாழ்ந்த அதிர்வுகளுக்கென்று ஒதுக்கிய தனிச் சேனல். டால்பி 5.1-ஆக கன்சோல் அனுப்பி, டிவி அதை இரண்டு சேனலாகச் சுருக்கும்போது இந்தச் சேனலைப் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடும். வயர் சரியாக இருக்கும், சப்வூஃபரில் விளக்கு எரியும், வெடிப்பு மட்டும் சப்பென்று இருக்கும். பிளேஸ்டேஷன் 5-இல் Settings, Sound, Audio Output என்று போய் HDMI Device Type என்பதில் TV, Audio Format என்பதில் Linear PCM என்று வையுங்கள். எக்ஸ்பாக்ஸில் HDMI audio என்ற இடத்தில் Stereo uncompressed. இப்போது இரண்டு சேனலுக்கான கலவையை கன்சோலே செய்கிறது. டிவியின் ஒலி மெனுவில் பாஸ் பூஸ்ட், தானாக வால்யூமைச் சமன்செய்யும் வசதி ஆகியவை இருந்தால் அணைத்துவிடுங்கள்.

இனி குமிழ். கிராஸ்ஓவர் குமிழைச் சுற்றி 50 முதல் 150 ஹெர்ட்ஸ் வரையில் ஏதோ எண்கள் அச்சடித்திருப்பார்கள். அந்த எண்ணுக்கு மேலுள்ள ஒலியை சப்வூஃபர் படிப்படியாகக் கைவிடும். படிப்படியாக என்பது முக்கியம். 80-இல் வைத்தால் 81-இல் கதவைச் சாத்திவிடாது. 100, 120 ஹெர்ட்ஸிலும் கொஞ்சம் கசியும். நாம் செய்திருக்கும் இணைப்பில் இன்னொன்றும் உண்டு: ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த ஒலியை யாரும் பிடுங்கவில்லை. அது தன்னால் முடிந்தவரை கீழே போய்க்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஸ்பீக்கர் களைத்து நிற்கும் இடத்தில் சப்வூஃபர் தொடங்க வேண்டும். அதற்கு மேலே தொடங்கினால் ஒரே ஒலியை இருவரும் பாடி அறை கும்மென்று ஆகிவிடும்.

ஸ்பீக்கர் எங்கே களைக்கிறது என்பதைப் பெட்டியில் எழுதியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சப்வூஃபரை அணைத்துவிட்டு, யூடியூபில் கிடைக்கும் சோதனை ஒலிகளை 120 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோய்க் கேளுங்கள். நம் நான்கு அங்குல ஸ்பீக்கரில் 100 நன்றாகக் கேட்கிறது, 80 சற்றுத் தளர்கிறது, 60-இல் கூம்பு ஆடுகிறதே தவிர ஒலி இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் குமிழை 70-க்கும் 80-க்கும் நடுவில் வைத்துத் தொடங்கலாம். மிகச் சிறிய ஸ்பீக்கர் என்றால் 100, 120 கூடத் தேவைப்படும். அப்போது சப்வூஃபரை டிவிக்குப் பக்கத்திலேயே வைத்தாக வேண்டும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை, அதற்கு மேலே போகப்போகக் கண்டுபிடித்துவிடும். ஆண் குரல் மூலையிலிருந்து வருவதுபோல் தோன்றினால் குமிழ் அதிகம் ஏறிவிட்டது என்று பொருள்.

அடுத்து ஃபேஸ் சுவிட்ச். 80 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் இருந்தபடி 0, 180 இரண்டையும் மாற்றிக் கேளுங்கள், அதாவது வேறொருவரை மாற்றச் சொல்லுங்கள். எதில் ஒலி பெரிதாகக் கேட்கிறதோ அதுவே சரி. வால்யூம் குமிழைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றி, சப்வூஃபர் இருப்பது தெரியத் தொடங்கியதும் ஒரு துளி இறக்கிவிடுங்கள். வீடுகளில் நான் கேட்கும் சப்வூஃபர்களில் பெரும்பாலானவற்றின் குறை இதுதான்: அளவுக்கு மீறிய வால்யூம், அளவுக்கு மீறிய கிராஸ்ஓவர்.

சோதிக்க கேமைவிட நல்லது பேஸ் கிட்டார் தெளிவாக ஏறி இறங்கும் ஓர் இளையராஜா பாட்டு. ஒவ்வொரு சுரமும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்க வேண்டும். ஒரு சுரம் மட்டும் வீங்கி நீண்டு ஒலித்தால் குற்றம் அறையுடையது. பன்னிரண்டு அடி நீளம் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், பத்து அடி அகலம் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் சுவருக்குச் சுவர் ஒலியைத் தேக்கிவைக்கும். கிராஸ்ஓவரை எவ்வளவு திருகினாலும் இது தீராது, ஏனென்றால் இரண்டுமே அதற்குக் கீழே இருக்கின்றன. சப்வூஃபரை மூலையிலிருந்து இரண்டு மூன்று அடி நகர்த்திப் பார்ப்பதுதான் வழி.

அடுக்குமாடியில் இவ்வளவு செய்தாலும் இரவு பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அவர்களுக்காகத்தான் பாஸ் ஷேக்கர். இது காற்றை அசைக்காது, நாற்காலியை அசைக்கும். சட்டத்தில் நேரடியாகத் திருகிப் பூட்ட வேண்டும்; நடுவில் ஸ்பாஞ்ச் வைத்தால் அதிர்வு அதிலேயே செத்துவிடும். ரப்பர் வைக்க வேண்டிய இடம் நாற்காலியின் காலடி. ஷேக்கருக்குத் தன் சொந்த ஆம்ப் கிடையாது. 4 ஓம், 50 வாட் ஷேக்கருக்கு, கிராஸ்ஓவர் குமிழோடு வரும் ஒற்றைச் சேனல் சப்வூஃபர் ஆம்ப் ஒன்று போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் போர்டாகவே விற்கிறார்கள். ஒலியை எடுப்பது சப்வூஃபருக்குச் சொன்ன அதே இடத்திலிருந்துதான்.

ஆனால் குமிழ் வேறு இடத்தில் நிற்க வேண்டும். இங்கே 80 அதிகம். 50-இல் தொடங்கி 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண் குரலின் அடிச்சுருதி ஏறத்தாழ 85 ஹெர்ட்ஸிலிருந்தே தொடங்கிவிடுவதால், குமிழ் ஏறினால் கதாபாத்திரம் வாய் திறக்கும்போதெல்லாம் நாற்காலி கிறுகிறுக்கும். யாராவது நீளமாகப் பேசும் காட்சியை ஓடவிட்டு, நாற்காலி அசையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே எளிய சோதனை. பெரிய வெடிப்பின்போது டக் டக் என்று உலோகம் மோதும் சத்தம் கேட்டால் வால்யூமை உடனே குறையுங்கள். ஷேக்கர் தன் எல்லையில் போய் இடிக்கிறது. அரை மணி நேர ஆட்டத்துக்குப் பின் கை வைக்க முடியாத சூடு இருந்தாலும் அதே மருந்துதான்.

ஹெட்ஃபோனும் ஷேக்கருமாக விளையாட நினைப்பவருக்கு ஒரு குறிப்பு. பிளேஸ்டேஷன் 5-இல் கண்ட்ரோலரில் ஹெட்ஃபோனைச் சொருகினால் ஒலி முழுவதும் அங்கே போய்விடும், டிவி வழியாக வரும் ஷேக்கர் மௌனமாகும். ஹெட்ஃபோனையும் டிவியின் துளையிலிருந்தே பிரித்து எடுங்கள். எக்ஸ்பாக்ஸில் Mute speaker audio when headset is attached என்ற தேர்வை நீக்கினால் இரண்டும் ஓடும்.

கடைசியாக உறுமல். எதுவும் ஓடாதபோதும் சப்வூஃபர் ம்ம்ம் என்றால், ஒலி வயரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அது எர்த் சுற்று. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஒலி வயரின் உறை வழியே சுற்றிவருகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் சொருகுங்கள், டிவியின் கேபிள் இணைப்பைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் நிற்காவிட்டால் ஆப்டிகல் வயர், வால்யூம் குமிழுள்ள ஒரு டிஏசி என்று மாறிக்கொள்ளலாம். ஆப்டிகல் இழை மின்சாரத்தைக் கடத்தாது. மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். உறுமல் நிற்கவும் செய்யும். ஆனால் ஆம்ப்பின் உலோகப் பெட்டியில் மின்கசிவு வந்தால், அது தரைக்கு இறங்க உங்கள் கையைத் தவிர வேறு வழி இருக்காது. அதை மட்டும் செய்யாதீர்கள்.