முறுக்கை அவிழ்க்கும் நொதியும் அதை மடக்கும் மாத்திரையும்

இரண்டு பிரிகளைச் சேர்த்து முறுக்கிய கயிற்றின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, மறுமுனையிலிருந்து பிரிகளை விலக்கிக்கொண்டே போங்கள். கொஞ்ச தூரத்தில் கை நின்றுவிடும். விலக்கிய முறுக்கெல்லாம் முன்னால் போய்ச் சேர, மீதிக் கயிறு இறுகிச் சுருண்டுகொள்ளும்.

டிஎன்ஏவைப் படியெடுக்கும்போதும் இதே தொல்லைதான். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ, சுமார் 46 லட்சம் கார இணைகள் கொண்ட ஒரு வளையம். படியெடுப்பதற்காக இழைகள் பிரியும் கவை, நொடிக்கு ஏறக்குறைய 1,000 இணைகளைத் தாண்டி ஓடுகிறது. பத்தரை இணைக்கு ஒரு முறுக்கு என்றால், நொடிக்கு நூறு முறுக்கை அவிழ்த்தாக வேண்டும். வளையத்துக்கு முனை கிடையாது. சுழன்று தளர வழியில்லை. முறுக்கு ஏற ஏறக் கவை திணறி நின்றுவிடும்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்துபவை டோப்போஐசோமரேஸ் என்ற நொதிகள். பாக்டீரியாவில் கவைக்கு முன்னால் நிற்கும் முக்கியமான ஆள் கைரேஸ். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட்டும் அவரது சகாக்களும் இதைக் கண்டறிந்தார்கள். அது செய்யும் வேலை துணிச்சலானது: டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது, வெட்டிய முனைகளைத் தன் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது, டிஎன்ஏவின் இன்னொரு பகுதியை அந்த இடைவெளி வழியாகக் கடத்திவிடுகிறது, பிறகு முனைகளை மறுபடி ஒட்டிவிடுகிறது. ஒரு சுற்றில் இரண்டு முறுக்கு குறையும். செலவுக்கு ஏடிபி. ஒரு கைரேஸ் மட்டும் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பல சேர்ந்தே உழைக்கின்றன.

சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை குறிவைப்பது இந்த இடைவெளியைத்தான். மருந்து வெட்டுவாயில் செருகிக்கொள்கிறது. கைரேஸால் முனைகளை ஒட்ட முடியவில்லை. வேலையை முடக்கியதோடு இது நிற்பதில்லை என்பதுதான் இதில் சுவாரசியம். ஓடிவரும் கவை அங்கே மோத, டிஎன்ஏ நிஜமாகவே துண்டாகிறது. பாக்டீரியாவின் சொந்தக் கத்தியே அதன் கழுத்துக்கு வருகிறது. மனித செல்லிலும் இந்த வகை நொதி உண்டு. அதன் அமைப்பு வேறு என்பதால் மருத்துவ அளவில் மருந்து அதை அவ்வளவாகத் தொடுவதில்லை.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. கைரேஸில் 83ஆம் இடத்திலுள்ள செரைன் என்ற ஒரே அமினோ அமிலம் மாறினாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். டைஃபாய்டு கிருமியில் இதுதான் நடந்தது. ஆய்வகத்தின் பழைய அளவுகோலில் சிப்ரோவுக்குக் கிருமி கட்டுப்படுவதாகத் தெரியும். நோயாளிக்கோ காய்ச்சல் இறங்காது. இந்த வகை மருந்துகளின் மூதாதையான நாலிடிக்சிக் அமிலம் தோய்த்த வட்டை, கிருமி வளரும் தட்டில் வைத்துப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. வட்டின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருந்தால், சிப்ரோவும் சரியாக வேலை செய்யாது என்று அர்த்தம்.

இந்தியாவில் இன்று பெரும்பாலான டைஃபாய்டு கிருமிகளுக்குச் சிப்ரோ பலிப்பதில்லை. காய்ச்சல் என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்காமல், முதலில் ரத்தக் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள்.