தேடுதுட்டி

தோழி டொராண்டோ போய் நாலாவது வருடம். ஒரு ஜூலை மாத இரவில் அவளுக்கு வாட்ஸப்பில் இப்படி எழுதினேன்: "என்ன மகாராணி, உயிரோடதான் இருக்கியா? கனடா போனதும் எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியலையோ?" பக்கத்தில் சிரிக்கும் பொம்மை ஒன்றையும் ஒட்டினேன். காலையில் பதில் வந்திருந்தது. "சாரிட்டி, ஷிப்ட் மாறிட்டே இருக்கு. பிள்ளைக்கு வேற காய்ச்சல். சாரி. இந்த வாரம் கண்டிப்பா கூப்பிடுதேன், சாரி."

அந்த வாரம் அவள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஆறு மாதமும் கூப்பிடவில்லை.

நான் சொல்ல நினைத்தது ஒன்றே ஒன்று: உன்னைத் தேடுது. அவள் கையில் போய்ச் சேர்ந்தது ஒரு குற்றப்பத்திரிகை. இது எப்படி நடந்தது என்று பிறகு வெகுநாள் யோசித்தேன். நம்மூரில் பாசத்தைப் பாசமாகச் சொல்லும் வழக்கம் குறைவு. திட்டினால்தான் உரிமை. ரொம்ப நாள் கழித்து வீட்டுக்கு வருகிறவரை "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றுதான் வாசலில் வரவேற்போம். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாப்பில் இதைச் சொல்லும்போது முதுகில் ஒரு தட்டு இருக்கும், சிரிப்பு இருக்கும், கையில் பாதி முறுக்கு இருக்கும். போன் திரையில் அதெல்லாம் உதிர்ந்துவிடும், குற்றச்சாட்டு மட்டும் மிஞ்சும். அதுவும் அவள் அதைப் பார்க்கிறபோது, முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள்.

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரியும், பேசாமல் இருப்பதற்கு மறதி காரணமாக இருப்பது அபூர்வம். அது கடன் மாதிரி. ஒரு வாரம் கூப்பிடாவிட்டால் ஒரு மன்னிப்பு போதும். ஒரு மாதம் ஆகிவிட்டால் காரணம் சொல்ல வேண்டும். ஆறு மாதம் ஆனால் காரணத்துக்கே ஒரு கதை வேண்டும். கடன் கொடுத்தவர் தெருவில் வந்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவோமே, அப்படித்தான் அவர்கள் நம் பெயரைத் திரையில் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். ராய் பாமைஸ்டர் உள்ளிட்ட மூன்று உளவியலாளர்கள் குற்ற உணர்ச்சியைப் பற்றி 1994-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெயர்பெற்றது. நெருக்கமானவர்களுக்குள்தான் இந்த ஆயுதம் அதிகம் பயன்படுகிறது என்கிறார்கள். அது வேலையும் செய்யும், ஆனால் அடிபட்டவர் மனதில் கசப்பும் தங்கும் என்கிறார்கள். என் விஷயத்தில் அது வேலைகூடச் செய்யவில்லை.

ஜனவரியில் பனங்கிழங்கு வந்தது. பொங்கலுக்கு வாங்கி அவித்த கட்டில் மிஞ்சியதை உரித்துக்கொண்டிருந்தேன். கல்லூரி நாட்களில் அவள்தான் நார் உரிப்பாள். நடுவில் இருக்கும் சதைப்பற்றான துண்டை எனக்கு ஒடித்துத் தந்துவிட்டு, வால் பக்கத்தைத் தான் மென்றுகொண்டிருப்பாள். கை கழுவிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். முதலில் வந்த வரைவு இது:

"நீ பிஸியா இருப்பேன்னு தெரியும். ஆனாலும் பனங்கிழங்கு பார்த்ததும் உன் ஞாபகம் வந்துது. எங்க அம்மாகூட கேட்டா, ஏன் அவ பேசவே மாட்டேங்கான்னு. பரவால்ல, உனக்கு எப்ப தோணுதோ அப்ப பேசு. நான் இங்கதான் இருப்பேன்."

அனுப்புவதற்கு முன் அவள் இடத்தில் இருந்து படித்துப் பார்த்தேன். எதை எழுதிவிட்டு அவளால் பதிலைத் தொடங்க முடியும்? "சாரி" என்றுதான். அப்போது எனக்குக் கிடைத்த சோதனை இது. இன்றுவரை வேறு நல்ல சோதனை அகப்படவில்லை. படிக்கிறவர் "சாரி" என்று தொடங்க வேண்டிவந்தால், எழுதியதற்குள் எங்கோ முள் இருக்கிறது. தேடினால் அகப்படும். "பிஸியா இருப்பே" என்பது பாதிக் கேலி. அம்மாவை இழுத்தது சாட்சிக்கு ஆள் சேர்ப்பது. மிக மோசமானது கடைசி வரி. பார்க்க எவ்வளவு பெருந்தன்மை! "நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்வதில், நீதான் போய்விட்டாய் என்பது ஒளிந்திருக்கிறது. திட்டுவதைக்கூடத் தாங்கிவிடலாம், இந்தத் தியாகத்தைத் தாங்குவது கஷ்டம்.

"எப்ப தோணுதோ அப்ப பேசு" என்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. கேட்க அது சலுகை மாதிரி இருந்தாலும், நாள் பார்ப்பது, நேரம் பார்ப்பது, பத்தரை மணி நேர வித்தியாசத்தைக் கணக்குப் போடுவது எல்லாவற்றையும் அது அவள் தலையில் வைக்கிறது. களைத்த மனிதருக்கு அது இன்னொரு வேலை. ஆகவே வழக்கமாகப் பேச வேண்டும் என்றால், எப்போது, எவ்வளவு நேரம், எதன் வழியாக என்பதை நாமே முன்வைத்துவிட வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் கதவு திறந்திருக்க வேண்டும். வன்முறையற்ற உரையாடல் என்ற முறையை வகுத்த மார்ஷல் ரோசன்பர்க், வேண்டுகோளுக்கும் கட்டளைக்கும் வித்தியாசம் சொல்லும் தொனியில் இல்லை, மறுப்பு வந்தபின் கேட்டவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் இருக்கிறது என்பார். சாந்தமான குரலிலும் கட்டளை போடலாம்.

அனுப்பியது இது:

"ஏட்டி, இப்ப பனங்கிழங்கு உரிச்சேன். நீ ஒடிச்சுத் தர்ற நடுத்துண்டு ஞாபகம் வந்துட்டு. உன்னைத் தேடுது. பழைய மெசேஜுக்கெல்லாம் பதில் வேண்டாம், அதை அப்படியே விட்டுரு. எனக்கு ஒரு ஆசை: மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை, இங்க காலையில எட்டு மணிக்கு, உனக்கு சனி ராத்திரி ஒம்பதரை, ஒரு இருபது நிமிஷம் பேசலாமா? ஒத்துவராதுன்னா சொல்லு, வேற ஏதாவது பாப்போம்."

ஒரு காட்சி, ஒரு வரி உண்மை, பழைய கணக்குத் தள்ளுபடி, ஒரு சின்ன வேண்டுகோள். "மிஸ் பண்ணுதேன்" என்றும் எழுதியிருக்கலாம், இப்போது எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் பக்கம் தாயை விட்டுப் பிரிந்த குழந்தைக்குத் தேடுது என்போம். அந்தச் சொல்லில் யாரையும் குறை சொல்ல இடமே இல்லை.

அனுப்பும் பொத்தானின் மேல் விரல் கொஞ்ச நேரம் நின்றது. ஆறு மாதம் பேசாதவளிடம் திடீரென்று ஆசையைச் சொன்னால் என்ன நினைப்பாள்? இந்தப் பயம் பொதுவானதுதான். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெகி லியுவும் சக ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. விட்டுப்போன ஒருவரைத் தொடர்புகொள்கிறவர்கள், அது எதிராளிக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எதிர்பாராமல் வந்தது என்பதே பெறுகிறவருக்கு அதிக மகிழ்ச்சி தந்தது. நமக்குத் தயக்கம் தருவதே அவர்களுக்கு விருந்தாக இருக்கிறது.

மறுநாள் ஒரு குரல் பதிவு வந்தது. முதல் சில விநாடிகள் மூக்குறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "நார் சரியா உரிச்சியாட்டி, இல்ல தொண்டையில சிக்குச்சா?" அதற்கப்புறம்தான் காரியம். சனிக்கிழமை எல்லாமே அவளுக்கு லீவு இல்லை, வேலைப் பட்டியல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும். முதல், மூன்றாம் ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். மற்ற நாட்களில் தோன்றினால் குரல் பதிவு அனுப்பலாம், பதில் போடும் கடமை இருவருக்கும் கிடையாது. ஒரு அழைப்பு தவறினால் காரணம் சொல்லக் கூடாது, ஒரு கட்டைவிரல் மட்டும். இந்தக் கடைசி விதி அவள் போட்டது. அவள் எவ்வளவு மன்னிப்புகளைச் சுமந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

மார்ச்சில் சறுக்கியது. மூன்றாம் ஞாயிறு எட்டு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பழைய நான் என்றால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருப்பேன். டொராண்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுகிறார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. என் எட்டு மணி அவளுக்குப் பத்தரை ஆகிவிட்டது, பிள்ளையோடு சேர்ந்து அவளும் தூங்கியிருந்தாள். அன்றிலிருந்து நவம்பர் வரை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன். நம் நாட்டில் கடிகாரத்தைத் தொடுவதில்லை என்பதால் இது நமக்குத் தோன்றாது. சிங்கப்பூர், துபாய் நண்பர்களிடம் இந்தத் தொல்லை இல்லை. லண்டனிலும் நேரம் மாறும், ஆனால் அங்கே மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. வருத்தப்படுவதற்கு முன் காலண்டரைப் பார்ப்பது நல்லது.

என் தம்பிக்கு இந்த ஏற்பாடு சரிப்படவில்லை. துபாயில் இருக்கும் அவன் நண்பனோடு போனில் நாலு வாக்கியத்துக்கு மேல் ஓடாது, "அப்புறம்?" "நீதான் சொல்லணும்" என்று முட்டி நிற்கும். இப்போது இருவரும் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் செஸ் ஆடுகிறார்கள், நடுநடுவே இரண்டு வார்த்தை. சாம் ராபர்ட்ஸும் ராபின் டன்பரும் பள்ளி முடித்துப் பிரிந்த மாணவர்களைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து பார்த்ததில், பெண்களின் நெருக்கம் பேச்சில் நின்றது, ஆண்களுடையது சேர்ந்து ஏதாவது செய்வதில் நின்றது. எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது, தம்பிக்குப் பொருந்தியது. பார்க்காமலேயே நட்பு வளர்த்த பிசிராந்தையாரைப் பெருமையாகச் சொல்வோம். சரி, அவர்களுக்கு அது கைகூடியது. என் நட்புக்கு மாதம் இரண்டு தடவையாவது தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

பதிலே வராமலும் போகலாம். வேறொரு நண்பருக்கும் இதே மாதிரி எழுதினேன், வரவில்லை. இரண்டு மாதம் கழித்து எதுவும் கேட்காமல் எங்கள் ஊர் மழையின் படம் ஒன்று அனுப்பினேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். அங்கே விசா சிக்கலோ, கடனோ, மனச்சோர்வோ, என்னவென்று தெரியாது. துருவிக் கேட்பதும் ஒருவகை வசூல்தான். எனக்கு வருத்தம் இருக்கிறது. அதை அவருக்கு அனுப்ப வேண்டியதில்லை.

போன ஞாயிறு தோழி எடுத்ததும், "இருட்டி, பிள்ளை இன்னும் முழிச்சிருக்கா" என்று போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். இருபது நிமிடத்தில் பதினைந்து நிமிடம் நான் பார்த்தது ஒரு குக்கரின் விசிலும் ஜன்னலுக்கு வெளியே இருட்டும்தான். திரும்பி வந்தவள் வாயைத் திறந்தாள், நிறுத்தினாள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.